நாள் முழுக்க ஓடும் கமராவில் அசைவு உள்ள நேரத்தை மட்டும் பிரித்து வைப்பது எப்படி? (புறக்கோட்டை, 4 கமரா)

சேலைக்கடைப் பிள்ளை

எல்லோருக்கும் வணக்கம். புறக்கோட்டை கெய்சர் தெருப் பக்கம் அப்பா நடத்திய மொத்தத் துணிக்கடையை இப்போது நான்தான் பார்க்கிறேன். 4 கமரா இருக்கிறது. ஒன்று கவுண்டரில், ஒன்று கடைக்குள், மூன்றாவது பின்பக்க ஒழுங்கையில் லொறி வந்து சாமான் இறக்கும் வாசலில், நான்காவது மேல்மாடி ஸ்டோரில். டீவிஆரில் 1 டீபி டிஸ்க். 11 நாளில் நிறைந்து, பழையதின் மேல் புதியது எழுதப்படுகிறது.

போன மாதம் ஒரு சப்ளையர், 12 பொதி இறக்கியதாகப் பில் காட்டினார். எங்கள் கணக்கில் 11. பில் வந்தது 40 நாள் கழித்து. பார்க்க வீடியோ இல்லை. 22 வருடமாக எங்களுக்குச் சாமான் தூக்கும் நாட்டாமை ஐயா மேல் பழி விழுந்தது. பணத்தை நான் கட்டிவிட்டேன். ஆனால் அவர் அன்றிலிருந்து என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. இனி ஒருமுறை இப்படி நடக்கக்கூடாது. 90 நாள் பதிவு கையில் இருக்க வேண்டும்.

எங்கேயோ வாசித்து `dvr-scan` என்ற இலவச மென்பொருளைப் போட்டேன். மூன்றாம் கமராவின் ஓர் இரவு, 7 மணி முதல் காலை 7 வரை 12 மணி நேரம், 10.8 ஜீபி. அதைக் கொடுத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் 1,340 துண்டுகள். எல்லாம் சேர்ந்து 8 மணி 50 நிமிடம். நேரம் குறைந்திருக்கிறது, ஆனால் பைல்களின் மொத்த அளவு 19 ஜீபி! வெட்டிய பிறகு எப்படிப் பெரிதாகும்? ஒழுங்கையில் இரவில் யாரும் இல்லையே, 1,340 முறை எது அசைந்தது?

கொட்டாஞ்சேனைக் குமார்

தங்கச்சி, இவ்வளவு கஷ்டம் எதற்கு? டீவிஆர் மெனுவில் போய், ரெக்கார்ட் என்ற இடத்தில் தொடர் பதிவை எடுத்துவிட்டு மோஷன் என்று போடுங்கள். அசைவு இருந்தால் மட்டும் எழுதும். என் கடையில் 3 வருடமாக அப்படித்தான். 1 டீபியில் 2 மாதம் நிற்கிறது. கொம்பியூட்டரே தேவையில்லை.

வேன் சாரதி

நானும் இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். ஸ்கூல் வேனில் முன்பக்கம் கமரா பூட்டியிருக்கிறேன். 64 ஜீபி கார்டு இரண்டு நாளில் நிறைகிறது. இதே மென்பொருளைப் போட்டால் பிரேக் அடித்த இடம், யாராவது குறுக்கே வந்த இடம் மட்டும் வருமா?

லென்ஸ்காரர்

வேன் சாரதி தம்பி, உங்களுக்கு இது உதவாது. இந்த முறை, அசையாத காட்சியை மனதில் வைத்துக்கொண்டு அதிலிருந்து மாறுவதைப் பிடிக்கிறது. ஓடுகிற வேனில் முழுப் படமும் மாறிக்கொண்டே இருக்கும். உங்கள் கமராவிலேயே குலுக்கம் உணரும் வசதி இருக்கும். பெரிய அதிர்ச்சி வந்தால் அந்தப் பைலைப் பூட்டிவைக்கும். அதைப் பாருங்கள், தனி இழை திறங்கள்.

குமார் தம்பி சொல்வதில் பாதி சரி. டிஸ்க் நிற்கும் நாள் கூடும், உண்மை. ஆனால் டீவிஆர் அந்த நொடியிலேயே முடிவெடுக்கிறது. அது அசைவு இல்லை என்று முடிவெடுத்தால் அந்த நேரம் எங்கேயும் எழுதப்படவில்லை, திரும்பப் பெற வழி இல்லை. 18 வருடமாகக் கமரா பூட்டுகிறேன். "எல்லாம் வேலை செய்தது, அந்த 5 நிமிடம் மட்டும் இல்லை" என்று கண் கலங்கி நின்ற கடைக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் முழுதாக எழுதட்டும், பிறகு ஆறுதலாகப் பிரிப்போம் என்று பிள்ளை நினைத்தது நல்ல வழி. தவறாகப் பிரித்தாலும் 11 நாள்வரை மூலம் டீவிஆரில் இருக்கும், திருத்திக்கொள்ளலாம்.

பிள்ளை, உங்கள் பிரச்சினை இரண்டு. முதலில் அளவு. அந்த மென்பொருள் தன் விருப்பத்துக்கு விட்டால் ஒவ்வொரு படத்தையும் பிரித்து, பழைய வகைக் குறியாக்கத்தில் புதிதாக எழுதுகிறது. அது உங்கள் கமராவின் H.264 அளவுக்குச் சுருக்காது. அதனால் நேரம் குறைந்தும் பைல் பெருத்தது. ஒலியும் போயிருக்கும், பாருங்கள். புதிதாக எழுதாமல், மூலத்திலிருந்து அப்படியே வெட்டி எடுக்கச் சொல்ல வேண்டும்:

```
dvr-scan -i cam3_19h.mp4 -m copy -d kept
```

`-m copy` என்றால் படத்தைத் தொடாமல் வெட்டு. இதற்கு `ffmpeg` கணினியில் இருக்க வேண்டும். இதில் ஒன்றைக் கவனியுங்கள். வீடியோவில் எல்லாப் படமும் முழுப் படம் இல்லை. உங்கள் டீவிஆரில் ஐ-பிரேம் இடைவெளி என்று ஒரு இடம் இருக்கும், பெரும்பாலும் 50. நொடிக்கு 25 படம் என்றால் 2 நொடிக்கு ஒரு முழுப் படம். வெட்டு அந்த முழுப் படத்தில்தான் தொடங்க முடியும். அதனால் துண்டின் முன்னால் 2 நொடிவரை கூடுதலாக வரும், அது நல்லதுதான். ஆனால் டீவிஆரில் H.264+ மாதிரி ஸ்மார்ட் சுருக்கம் போட்டிருந்தால் முழுப் படங்களின் இடைவெளி மிக நீளும். அப்போது துண்டு எங்கேயோ முன்னாலிருந்து தொடங்கும், அல்லது முதல் சில நொடி சாம்பலாக வரும். பிரித்து வைக்கிற எண்ணம் இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள்.

இரண்டாவது, எது அசைந்தது என்பது. இதை ஊகிக்க வேண்டாம். மென்பொருள் எதை அசைவு என்று கண்டதோ அதை வெள்ளையாகவும் மற்றதைக் கறுப்பாகவும் தனி வீடியோவாக எழுதும்:

```
dvr-scan -i cam3_02h.mp4 -so -mo mask.avi
```

நடு இரவு 2 மணிப் பைலை இப்படிப் போட்டு, பத்து நிமிடம் பார்த்து எழுதுங்கள்.

பைதான் பொடியன்

அண்ணா சொன்னதோடு ஒன்று. முழு 12 மணி நேரத்தையும் ஒரே பைலாகக் கொடுக்காதீர்கள் அக்கா. மணிக்கு ஒரு பைலாக டீவிஆரிலிருந்து எடுங்கள். சில டீவிஆர் பைல்களில் நேரக் கணக்கு பிழையாக இருக்கும். இருட்டில் நொடிக்கு 25 படத்துக்குப் பதில் 12 எடுத்துவிட்டு, தலைப்பில் 25 என்று எழுதியிருக்கும். பைலின் தொடக்கத்திலும் முடிவிலும் படத்தில் தெரிகிற கடிகாரத்தையும் பிளேயர் காட்டுகிற நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு மணிப் பைலில் இரண்டும் பொருந்தினால் கவலை இல்லை.

சேலைக்கடைப் பிள்ளை

லென்ஸ்காரர் அண்ணா, பொடியன் தம்பி, மிக நன்றி. இரண்டு மணிப் பைலைப் பார்த்தேன். இப்படித் தெளிவாகக் காட்டும் என்று நினைக்கவில்லை.

மேல் இடது மூலையில் கடிகார எண்கள் ஒவ்வொரு நொடியும் வெள்ளையாகத் துடிக்கின்றன. வலப் பக்கம் ஒரு நூல் மாதிரி வளைந்து வளைந்து ஆடுகிறது, சில சமயம் பாதிப் படத்தை மூடுகிறது. பிறகு ஓட்டோ போகும்போது எதிர்ச் சுவர் முழுக்க வெள்ளையாகிறது. இதெல்லாம் இல்லாத இடத்திலும் 2 நொடிக்கு ஒருமுறை படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக மின்னி மறைகிறது. கடைசியானது என்ன என்றே புரியவில்லை, அப்போது ஒழுங்கையில் எதுவுமே இல்லை.

நேரம் பொருந்துகிறது. ஒரு மணி நேரத்தில் ஒரு நொடிகூட வித்தியாசம் இல்லை.

லென்ஸ்காரர்

நல்ல கண் உங்களுக்கு. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஆடுகிற நூல் சிலந்திவலை. இரவு வெளிச்சத்துக்காகக் கமராவைச் சுற்றி அகச்சிவப்பு விளக்குகள் இருக்கின்றன, அங்கே சிலந்தி வலை கட்டுகிறது. லென்சுக்கு இரண்டு அங்குலத்தில் இருக்கும் நூல், அந்த வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும், காற்றில் ஆடும். இதற்கு மென்பொருளில் மருந்து இல்லை. ஏணி போட்டு, ஈரத்துணியால் கமராவைச் சுற்றித் துடையுங்கள். மாதம் இரண்டு தடவை செய்ய வேண்டும்.

2 நொடிக்கு ஒருமுறை வரும் மின்னல்தான் நான் முன்னே சொன்ன முழுப் படம். இடையில் வரும் படங்கள் மாற்றத்தை மட்டும் சுமப்பதால் மெல்ல மெல்ல மங்கிக்கொண்டு போகும். முழுப் படம் வரும்போது சட்டென்று தெளியும். அந்தத் துள்ளலை மென்பொருள் அசைவு என்று நினைக்கிறது. இரவில் படத்தில் மணல் தூவியது மாதிரி இரைச்சல் இருப்பதால் இன்னும் கூடுதல். ஒரே இடைவெளியில் தவறாமல் வந்தால் அது இதுதான், மனிதன் அவ்வளவு ஒழுங்காக வரமாட்டான். உணர்திறன் எல்லையைக் கொஞ்சம் உயர்த்தினால் போகும். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் 0.15 என்று இருக்கும், `-t 0.4` அளவில் தொடங்குங்கள். படத்தைச் சிறிதாக்கிப் பார்க்கச் சொன்னாலும் இந்த மணல் குறையும், வேகமும் கூடும்: `-df 4`. வெட்டும்போது மூலத்தின் தரம் குறையாது, பார்ப்பதற்கு மட்டும்தான் சிறிதாக்குகிறது.

கடிகாரத்துக்கும் சுவர் வெளிச்சத்துக்கும் ஒரே மருந்து. எங்கே பார்க்க வேண்டும் என்று நீங்களே வரைந்து காட்டுங்கள்:

```
dvr-scan -i cam3_02h.mp4 -so -df 4 -r -s lane.txt
```

ஒரு சன்னல் திறக்கும். ஒழுங்கையின் தரையையும் வாசல் படியையும் சுற்றிக் கோடு போடுங்கள். எதிர்ச் சுவர், கடிகாரம், மேலே தெரியும் வானம், ஒயர்கள் எல்லாம் வெளியே இருக்கட்டும். ஆள் வந்தால் கால் தரையில்தானே பட வேண்டும். கோடு `lane.txt` இல் சேமிக்கப்படும், அடுத்த முறை `-R lane.txt` என்றால் போதும்.

ஒன்றை மறக்காதீர்கள். அசைவின் அளவு, நீங்கள் வரைந்த பகுதியோடு ஒப்பிட்டுத்தான் கணக்கிடப்படுகிறது. முழுப் படத்தில் சிறு புள்ளியாக இருந்த ஆள், சிறிய பகுதிக்குள் பெரிய ஆளாகிவிடுவான். அதனால் பகுதியை மாற்றினால் எல்லையையும் திரும்பச் சரிபார்க்க வேண்டும். ஒரு கமராவுக்குச் சரியான எண் இன்னொன்றுக்குச் சரியாக இருக்காது.

கொட்டாஞ்சேனைக் குமார்

என் கடையிலும் இரவில் ஏகப்பட்ட துண்டு வரும், அது ஏன் என்று இன்றுதான் தெரிகிறது. ஆனால் எனக்கு ஒரு கேள்வி. எல்லையை உயர்த்திக்கொண்டே போனால் எல்லாத் தொல்லையும் போய்விடுமே? 2, 3 என்று போட்டால் என்ன?

லென்ஸ்காரர்

ஓட்டோ வெளிச்சம் ஓர் ஆளைவிடப் பெரிது. எல்லையை உயர்த்தினால் முதலில் காணாமல் போவது ஆள், வெளிச்சம் கடைசிவரை நிற்கும். பெரியதை வடிக்க எல்லை உதவாது, இடமும் கால அளவும்தான் உதவும்.

கால அளவு எப்படி என்றால், பிள்ளையின் வாசல் பகுதி ஒரு 6 மீட்டர் அகலம் என்று வைப்போம். சாதாரணமாக நடக்கிறவர் அதைக் கடக்க 4, 5 நொடி. ஓடுகிறவருக்கு ஒன்றரை நொடி. தரையில் பட்டுப் போகிற ஹெட்லைட் வெளிச்சம் பெரும்பாலும் ஒரு நொடிக்குள் போய்விடும். அதனால் ஒரு நொடிக்குக் குறைவான அசைவை விட்டுவிடு என்று சொல்லலாம்: `-l 1s`. இரண்டு நொடி என்று போட்டால் இன்னும் சுத்தமாக இருக்கும், ஆனால் ஓடிப் போகிறவன் தப்பிவிடுவான். யார் ஓடுவான் என்று உங்களுக்குத் தெரியும்தானே.

பைதான் பொடியன்

நான் பல்கலைக்கழகத்தில் இதே விஷயத்தில்தான் புராஜெக்ட் செய்கிறேன். ஓர் ஆபத்தைச் சொல்லவேண்டும். இந்த மென்பொருளின் உள்ளே இருப்பது MOG2 என்ற முறை. கடைசி 500 படங்களை வைத்து, எது பின்னணி என்று கற்றுக்கொண்டே இருக்கும். அதனால் ஒருவர் வந்து அசையாமல் நின்றால் கொஞ்ச நேரத்தில் அவரும் பின்னணி ஆகிவிடுவார். ஆவணத்தில் பார்த்தால் சுமார் 450 படம், அதாவது 18 நொடி வரும். அதற்குள் அவர் எப்படியும் அசைவார், பயப்படத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

லென்ஸ்காரர்

தம்பி, 18 நொடி என்பது என் அனுபவத்தோடு ஒத்துப்போகவில்லை. இறக்கி வைத்த பெட்டி இரண்டு மூன்று நொடியில் மறைவதைப் பார்த்திருக்கிறேன். ஆவணத்தை விட்டுவிட்டு நீங்களே ஒரு பெட்டியை வைத்துப் பாருங்கள்.

பைதான் பொடியன்

அண்ணா, இன்று லாபில் வைத்துப் பார்த்தேன். நொடிக்கு 25 படம். மேசையில் ஒரு பெட்டியை வைத்துவிட்டு விலகினேன். வெள்ளைப் பகுதி 2 நொடி கடந்ததும் உள்ளிருந்து கரையத் தொடங்கி, 3 நொடிக்குள் முழுதாகப் போய்விட்டது. பிறகு மூல நிரலைத் திறந்து பார்த்தேன். புதிதாக வந்த நிறம் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கைப் பிடித்ததும் அது பின்னணியாக எண்ணப்படுகிறது. ஒவ்வொரு படத்துக்கும் எடை 1/500 கூடுகிறது என்றால்:

```
log(0.9) / log(1 - 1/500) = 52.6
```

53 படம், அதாவது 2 நொடி சொச்சம். நான் சொன்ன 18 நொடி பிழை. மன்னிக்கவும்.

ஆனால் மனிதர் பெட்டி மாதிரி இல்லை. என் நண்பனை நிற்க வைத்தபோது உடல் மறைந்தாலும் தோளின் ஓரமும் கையும் விட்டுவிட்டு வெள்ளையாகத் தெரிந்துகொண்டே இருந்தன. நிழலில் சுவரில் சாய்ந்து நின்றபோதுதான் 11 நொடி எதுவுமே தெரியவில்லை.

லென்ஸ்காரர்

அருமை தம்பி. இதுதான் பிள்ளைக்கு முக்கியம். சாமான் இறக்கும்போது என்ன நடக்கும்? லொறி வரும், நிற்கும், சாரதி பில் எழுதுவார், நாட்டாமை காத்துக்கொண்டு நிற்பார். அந்த நிற்கும் நேரத்தில் மென்பொருள் "முடிந்தது" என்று வெட்டிவிடும். பொதி எண்ணிக்கை பார்க்கிற நேரத்தில் நடுவே ஓட்டை விழுந்தால், அந்த ஓட்டைக்குள் ஒரு பொதி போயிருக்கலாம் என்று யாரும் சொல்லலாம். ஆகவே அசைவு நின்ற பிறகும் நீண்ட நேரம் வைத்திருக்கச் சொல்லுங்கள். இரவுக்கு `-tp 10s` போதும். பகலில் மூன்றாம் கமராவுக்கு `-tp 60s` போடுங்கள். இடையில் மறுபடி அசைந்தால் அதே துண்டு நீளும், புதுத் துண்டு வராது. டிஸ்க் கொஞ்சம் கூடுதலாகப் போகும், போகட்டும்.

முன்பக்கமும் 3 நொடி விடுங்கள், `-tb 3s`. வாசல் பகுதிக்குள் கால் வைக்கும் முன்பு எந்தப் பக்கமிருந்து வந்தார் என்பது தெரியவேண்டும்.

சேலைக்கடைப் பிள்ளை

ஒரு கிழமை கழித்து எழுதுகிறேன். வலையைத் துடைத்தேன், பகுதி வரைந்தேன். இப்போது இரவுக்குப் போடுவது:

```
dvr-scan -i cam3_02h.mp4 -m copy -d kept -R lane.txt \
  -df 4 -t 0.4 -l 1s -tb 3s -tp 10s
```

அதே மாதிரி 12 மணி நேர இரவு: 47 துண்டு, 31 நிமிடம், 480 எம்பி. 10.8 ஜீபி இருந்த இடத்தில்! 47ஐயும் உட்கார்ந்து பார்த்தேன். 19 பூனை அல்லது நாய், 12 ஓட்டோ, 9 ஆட்கள், மிச்சம் காற்றில் பறந்த பொலித்தீன். ஓட்டோ இன்னும் வருகிறது, ஒழுங்கைக்குள்ளே திரும்பும்போது வெளிச்சம் தரையில் மெல்ல நகர்கிறது. அதை விட்டுவிடுகிறேன்.

ஆனால் என்ன தப்பிப்போனது என்று எப்படித் தெரியும்? வந்ததைப் பார்க்க முடிகிறது, வராததை எப்படிப் பார்ப்பது?

லென்ஸ்காரர்

நடந்துதான் பார்க்கவேண்டும். ஒரு இரவு கடை பூட்டிய பிறகு, நீங்களும் தம்பி யாராவதும் ஒழுங்கையில் பத்து முறை போங்கள். ஒவ்வொன்றின் நேரத்தையும் கொப்பியில் எழுதுங்கள். கறுப்பு உடுப்பில் ஒருமுறை, ஓடி ஒருமுறை, தூர முனையில் சுவரோடு ஒட்டி ஒருமுறை, குனிந்து மெதுவாக ஒருமுறை. காலையில் துண்டுகளை அந்தக் கொப்பியோடு ஒப்பிடுங்கள். தூர முனையில் ஆள் சிறிதாகத் தெரிவதால் அங்கேதான் தப்பும். அப்போது எல்லையை 0.3, 0.25 என்று இறக்கிப் பாருங்கள். பத்தும் பிடிபடும் உயர்ந்த எண்தான் உங்கள் எண். பகலுக்குத் தனியாக இதே சோதனை.

சேலைக்கடைப் பிள்ளை

செய்தேன் அண்ணா. நாட்டாமை ஐயாவிடம் கேட்டேன், அவரே வந்து நடந்தார். அவருக்காகத்தான் இதெல்லாம் என்று சொன்னேன். ஒன்றும் பேசவில்லை, ஆனால் பத்து முறையும் சொன்ன மாதிரியே நடந்தார்.

0.4இல் 8 பிடிபட்டது. தப்பிய இரண்டும் தூர முனை, கறுப்புச் சட்டை. 0.25இல் பத்தும் வந்தது. அந்த எண்ணில் இரவுக்கு 47க்குப் பதில் 70 துண்டு வருகிறது, 45 நிமிடம். எனக்கு அது பெரிய விலை இல்லை.

கொட்டாஞ்சேனைக் குமார்

கவுண்டர் கமராவுக்கும் இதே கணக்கா? என் கவுண்டரில் காலை முதல் மாலை வரை ஆள் இருக்கும், அங்கே வெட்டுவதற்கு என்ன இருக்கிறது?

சேலைக்கடைப் பிள்ளை

குமார் அண்ணா, சரியாகச் சொன்னீர்கள். நான்கையும் ஒரு கிழமை ஓட்டிப் பார்த்துச் சராசரி எடுத்தேன். கவுண்டரில் நாளுக்கு 9 மணி நேரம் மிஞ்சுகிறது, கடைக்குள் 6, ஒழுங்கையில் மூன்றரை, ஸ்டோரில் ஒன்றரை. மொத்தம் 20 மணி நேரம். எங்கள் கமரா நொடிக்கு 2 மெகாபிட், அதாவது மணிக்கு 0.9 ஜீபி. ஆக நாளுக்கு 18 ஜீபி. வெட்டாமல் வைத்தால் 86.4 ஜீபி. 90 நாளுக்கு 7,776 ஜீபி வேண்டிய இடத்தில் 1,620 போதும். 2 டீபி வெளி டிஸ்க் ஒன்றில் அடங்குகிறது. கவுண்டரில் பெரிய லாபம் இல்லை, லாபம் முழுக்க ஒழுங்கையிலும் ஸ்டோரிலும்தான். எனக்குத் தேவையும் அங்கேதான்.

லென்ஸ்காரர்

கவுண்டர் கமராவில் பிட்ரேட் நிலையாகவா மாறக்கூடியதாகவா என்று பாருங்கள். நிலையாக இருந்தால், யாரும் இல்லாத நேரத்திலும் அதே 2 மெகாபிட் எழுதிக்கொண்டே இருக்கும். மாறக்கூடியதாக மாற்றினால் அசையாத நேரம் தானாகவே மெலியும், அங்கே வெட்டாமலே ஓரளவு மிச்சமாகும். ஆனால் உச்ச எல்லையைக் குறைத்துவிடாதீர்கள், முகம் கலங்கும்.

கந்தோர்க்காரி

நான் ஒரு சட்டத்தரணி கந்தோரில் வேலை செய்கிறேன். நுட்பம் தெரியாது, ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நம் நாட்டில் பதிவுகளைச் சான்றாக வைப்பதற்கு 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம் இருக்கிறது. பதிவு மாற்றப்படவில்லை என்பதைக் காட்ட வேண்டிவரும். வெட்டி எடுத்த துண்டைக் கொண்டுபோனால் எதிர்த்தரப்பு முதலில் கேட்பது, "மிச்சம் எங்கே, யார் வெட்டினார்கள்?"

அதனால், ஒரு பிரச்சினை வரப்போகிறது என்று மணம் பிடித்த நாளின் பதிவை வெட்டாமல் முழுதாக எடுத்து வையுங்கள். 11 நாளுக்குள் அந்த முடிவை எடுக்கவேண்டும்.

பைதான் பொடியன்

வெட்டும்போது படத்தைத் தொடவில்லை என்பதை நுட்பமாகக் காட்ட முடியும் அக்கா. முழுப் பைலை அழிக்கும் முன்பே அதற்கும் துண்டுகளுக்கும் கைரேகை எடுத்து வைக்கலாம்:

```
sha256sum cam3_02h.mp4 kept/* >> log.txt
```

பிறகு யாராவது துண்டை மாற்றினால் எண் ஒத்துவராது.

கந்தோர்க்காரி

அது பிறகு மாற்றவில்லை என்று காட்டும் தம்பி. வெட்டியபோது எதை விட்டீர்கள் என்பதைக் காட்டாதே. பில் தகராறில், இரண்டு தரப்பும் மேசையில் இருந்து பேசும்போது இந்தத் துண்டுகள் நிச்சயம் உதவும். நீதிமன்றம் எப்படிப் பார்க்கும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். எங்கள் கந்தோரிலேயே இரண்டு ஐயாமார் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

சேலைக்கடைப் பிள்ளை

அக்கா, லொறி வரும் நாட்கள் எனக்கு முன்பே தெரியும், கிழமைக்கு இரண்டு நாள்தான். அந்த இரண்டு நாளும் மூன்றாம் கமராவை வெட்டாமலே வைக்கிறேன். கணக்குப் பார்த்தேன்: 90 நாளில் 26 நாள், வெட்டுவதைவிட நாளுக்கு 18.5 ஜீபி கூடுதல், மொத்தம் 480 ஜீபி. 1,620ஓடு சேர்த்தால் 2,100. 2 டீபி போதாது, 4 டீபி வாங்கவேண்டும். வாங்குகிறேன்.

இன்னும் ஒன்று தீரவில்லை. நேற்றிரவு 11 முதல் ஒரு மணி வரை கொட்டிய மழை அப்படியே 2 மணி நேரத் துண்டாக வந்திருக்கிறது. லென்சுக்குப் பக்கத்தில் விழும் துளிகள் வெள்ளைக் கோடாகத் தெரிகின்றன, தரையில் தேங்கிய தண்ணீரும் மின்னுகிறது. எல்லையை உயர்த்தினால் நாட்டாமை ஐயாவின் கறுப்புச் சட்டை மறைகிறது.

லென்ஸ்காரர்

மழைக்கு நான் இன்னும் நல்ல வழி காணவில்லை, பிள்ளை. மழை இரவை மழை இரவாகவே வைத்துவிடுகிறேன். கமராவின் விளக்கை அணைத்து, வாசலுக்கு மேலே தனியாக ஒரு அகச்சிவப்பு விளக்கை இரண்டு மீட்டர் தள்ளிப் பூட்டினால் துளிகள் அவ்வளவு பளிச்சிடாது. தெஹிவளையில் ஒரு வீட்டில் செய்தேன், பாதியாவது குறைந்தது.

வேன் சாரதி

தனி இழை திறந்தேன். ஆனால் இதையும் விடாமல் வாசித்தேன். அக்கா, வெசாக் வரும்போது எதிர்க் கடையில் கூடு கட்டி மின்னும் பல்ப் போடுவார்களே, அப்போது என்ன செய்வீர்கள்?

சேலைக்கடைப் பிள்ளை

அதை நினைக்கவே இல்லை தம்பி. பல்ப் சுவரில் இருக்கும், அது பகுதிக்கு வெளியே. ஆனால் அதன் நிறம் தரையிலும் விழுந்து விழுந்து மாறுமே. லென்ஸ்காரர் அண்ணா, யாராவது வெசாக் இரவில் ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா?